அடுப்படிச் சுவரில் கடையின் பெயர்: மாதக் காலண்டர் வடிவமைப்பது எப்படி?

டிசம்பர் கடைசியில் சென்னையில் ஒரு வீட்டுக்கு நான்கைந்து காலண்டர்களாவது வந்து சேரும். நகைக்கடை கொடுத்தது, மருந்துக்கடை கொடுத்தது, வங்கியில் வாங்கியது, பிள்ளையின் டியூஷன் மையம் கொடுத்தது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவதில்லை. ஏற்கெனவே இருப்பது இரண்டு ஆணி. ஒன்றில் ராகுகாலம், நட்சத்திரம் பார்க்கத் தினசரித் தாள் கிழிக்கும் காலண்டர் தொங்கும். மற்றொன்றில்தான் மாதக் காலண்டருக்கு இடம். மிச்சமெல்லாம் அலமாரித் தட்டுக்கு விரிப்பாகவோ, ஜூனில் பள்ளி நோட்டுக்கு அட்டையாகவோ போய்விடும்.

அந்த ஒரே ஆணியைப் பிடிப்பது எது? படம் அழகாக இருப்பதால் மட்டும் ஒரு மாதக் காலண்டர் வருடம் முழுக்கத் தொங்குவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் அதில் எழுதத் தொடங்கிவிட்டால் அதைக் கழற்ற மாட்டார்கள். பால் எத்தனை பாக்கெட், தண்ணி கேன் எந்தத் தேதியில் வந்தது, சிலிண்டர் எப்போது மாற்றினோம், வேலை செய்யும் அம்மா எத்தனை நாள் வரவில்லை, எல்லாம் அந்தத் தேதிக் கட்டத்துக்குள்தான் போகிறது. ஆகவே கடைப் பெயரை எங்கே போடுவது என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுத வசதியான கட்டம், பிறகு பெயர்.

ஓர் உதாரணத்தை எடுத்து முழுதாகச் செய்துபார்ப்போம். பெரம்பூரில் ஒரு மளிகைக் கடை. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க 2027ஆம் ஆண்டுக்கு 1,000 மாதக் காலண்டர் வேண்டும்.

முதலில் அளவு. அச்சகங்களில் தாராளமாகக் கிடைக்கும் தாள் அளவுகளில் ஒன்று 20க்கு 30 அங்குலம். அதை நடுவில் வெட்டினால் 15க்கு 20 அங்குலத்தில் இரண்டு தாள். ஓரம் சீவிய பிறகு கையில் இருப்பது 14½க்கு 19½. அடுக்களையில் ஃப்ரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் இடையிலோ கதவின் பின்புறத்திலோ தொங்கவிட இது தோதான அகலம். முழு 20க்கு 30 கடையின் சுவரில் எடுப்பாக இருக்கும். ஆனால் இரண்டு அறை வீட்டில் அதற்கு இடம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மாதத்துக்கு ஒரு தாளாக, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, 12 தாள் வைப்பது நல்லது. ஆறு தாளில் இருபுறமும் அச்சிட்டுக் காகிதத்தை மிச்சப்படுத்தலாமே என்று தோன்றும். மேலே தகரப் பட்டை அடித்த காலண்டரில் தாளைப் புரட்டி மாட்ட முடியாது என்பதால், பிப்ரவரி வந்ததும் முழுவதையும் கழற்ற வேண்டிவரும். கழற்றிய இடத்தில் வேறு காலண்டர் ஏறிவிடலாம்.

இனி கட்டம். புதிதாக டிசைன் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஏதோ ஒரு மாதத்தை எடுத்துக் கட்டம் போட்டுப் பார்ப்பார்கள். ஐந்து வரிசையில் அழகாக உட்காரும். அதே அச்சில் மற்ற மாதங்களை ஊற்றும்போது சில மாதங்களில் தேதி வெளியே வழியும். ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும் கட்டத்தில், 31 நாள் மாதம் வெள்ளியிலோ சனியிலோ பிறந்தாலும், 30 நாள் மாதம் சனியில் பிறந்தாலும் ஆறாவது வரிசை தேவைப்படும். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. முதல் வரிசையில் இரண்டு தேதி போக 29 மீதி. அதில் 28 நான்கு வரிசைகளில் முடிய, 31ஆம் தேதி தனியாக ஆறாவது வரிசைக்கு வரும். அதே வருடம் மே மாதம் சனிக்கிழமையிலும் அக்டோபர் வெள்ளிக்கிழமையிலும் பிறக்கின்றன. ஆக 2027இல் மூன்று மாதங்களுக்கு ஆறு வரிசை வேண்டும்.

இடம் போதாதபோது 24க்குக் கீழே 31ஐயும் ஒரே கட்டத்தில் நெருக்கிவிடுவது பழைய வழக்கம். தேதி பார்க்க மட்டும் என்றால் அதில் தவறில்லை. பால் கணக்கு எழுதும் வீட்டில் அந்த ஒரு கட்டத்தில் இரண்டு நாள் கணக்கை எழுத முடியாது. எல்லா மாதத்துக்கும் ஆறு வரிசை வைத்தே வடிவமைத்துவிடுங்கள். ஐந்து வரிசையில் முடியும் மாதங்களில் மிஞ்சும் கடைசி வரிசையை வெறுமையாக விட்டுவிட்டால், மாதக் கடைசியில் பாக்கெட் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்க அதுவே போதும்.

19½ அங்குல உயரத்தை மேலிருந்து கீழாக இப்படிப் பங்கிடலாம். தகரப் பட்டைக்கு முக்கால் அங்குலம். அதன் கீழே தாள் கிழிபடும் இடத்துக்கு அரை அங்குலம். கடைப் பெயருக்கு மூன்றரை. மாதப் பெயருக்கு ஒன்றேகால். கிழமைகளுக்கு அரை. தேதிக் கட்டங்கள் வரிசைக்கு ஒன்றேமுக்கால் வீதம் ஆறு வரிசைக்குப் பத்தரை. விடுமுறை, முகூர்த்த நாட்கள், தொலைபேசி எண் ஆகியவற்றுக்குக் கீழே இரண்டு. ஓர வெள்ளை அரை. மொத்தம் சரியாக 19½. அகலத்தில் இருபுறமும் கொஞ்சம் ஓரம் விட்டால் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 2 அங்குல அகலம் கிடைக்கும்.

அந்த இரண்டு அங்குலக் கட்டத்துக்குள் என்னென்ன வரலாம் என்பதில் கறாராக இருங்கள். முக்கால் அங்குல உயரத்தில் தேதி எண், இடது மேல் மூலையில். அதன் வலப்பக்கம் தமிழ்த் தேதி, நட்சத்திரம், திதி ஆகியவை சிறிய எழுத்தில். அமாவாசை, பௌர்ணமிக்கு வட்டக் குறி, பிரதோஷம், கிருத்திகை, ஏகாதசி, சஷ்டிக்கு ஒற்றைச் சொல். கட்டத்தின் கீழ்ப் பாதிக்கு எதுவும் வரக்கூடாது. ராசிபலனையும் நல்ல நேரத்தையும் மாதக் கட்டத்துக்குள் திணிப்பது வீண். அதற்குத்தான் பக்கத்து ஆணியில் தினசரிக் காலண்டர் இருக்கிறதே. கட்டத்தின் பின்னணியில் பூ, கோலம், லேசான சாமிப் படம் என்று எதையாவது மங்கலாக ஓடவிடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். நீலப் பேனாவில் எழுதியது அதன்மேல் தெரியாது.

எழுதும் காலண்டர் என்று முடிவானதும் காகிதமும் முடிவாகிவிடுகிறது. பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் பால்பாயின்ட் பேனா வழுக்கும். ஜெல் பேனா காய்வதற்குள் கை பட்டு இழுபடும். பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளில் எந்தப் பேனாவும் எழுதும். 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் போதும். 15க்கு 20 தாள் ஒன்று ஏறக்குறைய பதினைந்தரை கிராம், பன்னிரண்டும் சேர்ந்து 186 கிராம். மின்விசிறிக் காற்றில் ஆடிச் சுவரைச் சுரண்டாத அளவு எடை அது. 60 ஜிஎஸ்எம் தாள் விலை குறைவு. ஆனால் அடுத்த மாதத்து எண்கள் அதில் நிழலாகத் தெரியும்.

காகிதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. தாளுக்குள் இழைகள் ஒரே திசையில் ஓடுகின்றன. இழை படுக்கைவாட்டில் இருந்தால், தொங்கும் தாளின் அடிப்பகுதி காற்றில் ஈரம் ஏறும்போதும் இறங்கும்போதும் பாய் சுருட்டுவது போல மேல்நோக்கிச் சுருளும். சென்னையின் ஈரக் காற்றில் இது மார்ச்சுக்குள் தெரிந்துவிடும். இழை நெட்டுக்குத்தாக இருந்தால் தாள் விறைப்பாக நிற்கும். சோதிக்க, தாளின் நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக ஓர் அங்குல அகலம், எட்டு அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒரு முனையைப் பிடித்தால், ஒன்று மற்றதைவிட அதிகம் தொய்யும். தொய்யாமல் நிற்கும் துண்டின் நீளவாக்கில்தான் இழை ஓடுகிறது. 20க்கு 30 தாளை 15ஆக வெட்டும்போது 30 அங்குலப் பக்கம் காலண்டரின் அகலமாகிவிடுகிறது. ஆகவே 20 அங்குலப் பக்கத்தோடு இழை ஓடும் தாள்தான் நமக்கு வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதம் எடுக்கும்போதே இதைச் சொல்லிக் கேளுங்கள். ரீம் வெட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இழை நெட்டுக்குத்தாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மாதம் முடிந்து தாளைக் கிழிக்கும்போது நேர்கோட்டில் கிழியாமல் கீழே பாயும். அதனால் தகரப் பட்டைக்குக் கீழே கால் அங்குலத்தில் வரிசையாகப் பொட்டுத் துளை போடச் சொல்லுங்கள். அச்சகத்தில் பர்ஃபரேஷன் என்பார்கள். துளை போட்ட பிறகுதான் பட்டை அடிக்க வேண்டும். அந்த அரை அங்குலத்துக்குள் எழுத்து எதுவும் வராதபடி பார்த்துக்கொண்டால் கிழித்த குறை பெயரைத் தொடாது.

இப்போது பெயர். பெரும்பாலான கடைக் காலண்டர்களில் பெயர் அடியில் இருக்கும். சுருளும் இடமும் அதுதான், மேடையில் வைத்த டப்பாக்கள் மறைக்கும் இடமும் அதுதான். மேலே, தகரப் பட்டையின் பிடியில் தாள் தட்டையாக நிற்கும் இடத்தில் பெயரைப் போடுங்கள். மாதப் பெயரைப் பார்க்க வரும் கண் அதைத் தாண்டித்தான் வரும். தொலைபேசி எண் மட்டும் அடியில் இருக்கட்டும். ஆணி ஆறரை அடி உயரத்தில் இருந்தால் காலண்டரின் அடி ஏறக்குறைய ஐந்தடியில், கண்ணுக்கு நேராக வரும். பெயரைத் தள்ளி நின்று பார்ப்பார்கள், எண்ணைக் கையில் ஃபோனோடு பக்கத்தில் வந்து பார்ப்பார்கள்.

பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்பது பெயர்ப் பலகை எழுதுகிறவர்களின் கணக்கு. தமிழில் இந்த ஓர் அங்குலம் உயிர்மெய்க் குறிகளைச் சேர்த்தது அல்ல. ‘க’, ‘ம’ போன்ற எழுத்தின் உடல் மட்டும் ஓர் அங்குலம். ‘லி’யின் மேல் கொக்கிக்கும் ‘ழு’வின் கீழ் வாலுக்கும் மேலும் கீழும் தனியாக இடம் வேண்டும். மூன்றரை அங்குலம் ஒதுக்கியது அதற்காகத்தான். பெயரின் கீழே ஒரே வரியில் என்ன கடை, எந்தத் தெரு, எதற்கு எதிரில் என்று போட்டால் போதும். அரிசி, பருப்பு, மசாலா, பூஜைப் பொருட்கள் என்று சரக்குப் பட்டியல் எழுத ஆரம்பித்தால் பெயர் சிறுத்துவிடும். அடிப்பகுதியில் ஒரே ஓர் எண், ஐந்து ஐந்தாகப் பிரித்து. வீட்டுக்குச் சரக்கு கொண்டுவந்து கொடுக்கும் நேரமும் வார விடுமுறையும் அதன் பக்கத்தில். வேலைக்கு இருக்கும் பையனின் எண்ணைப் போடாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போனாலும் அந்த எண் டிசம்பர் வரை சுவரில் இருக்கும்.

சாமிப் படம் வேண்டுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். கிழித்துப் போடும் தாளில் சாமிப் படம் வேண்டாம். குப்பையில் போடத் தயங்கி, கிழிக்காமலே விட்டுவிடுகிறார்கள், மாதம் பழையதாகவே நிற்கும். வாடிக்கையாளர்களில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. படம் வேண்டும் என்பவருக்குத் தனி அட்டையில் படம் போட்டு, கீழே தினசரித் தாள் ஒட்டிய காலண்டர்தான் சரி. அதில் படமும் பெயரும் கிழிபடாது. சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கு அன்று புது ஆல்பம் வெளியிடும். அதில் படத்தைத் தேர்ந்தெடுத்து, விட்டிருக்கும் வெற்றிடத்தில் கடைப் பெயரை மட்டும் அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம். சில நூறு காலண்டர்தான் வேண்டும் என்பவருக்கும் அந்த வழிதான் கட்டுபடியாகும்.

நம் கடைக்கு அச்சுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு 20க்கு 30 தாளில் இரண்டு மாதம், ஆக ஆறு முறை அச்சு ஏறும். முறைக்கு 1,000 தாளோடு, நிறம் சரிபார்ப்பதிலும் வெட்டுவதிலும் வீணாக 100 சேர்த்தால் மொத்தம் 6,600 தாள். ரீமுக்கு 500 வீதம் பதிமூன்றுக்கு மேல் கொஞ்சம், எனவே 14 ரீம் வாங்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் வண்ணத்துக்கு ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு வேண்டும். நான்கு வண்ணம் என்றால் 24 பிளேட். கறுப்பும் சிவப்பும் மட்டும் என்றால் 12. படம் இல்லாத எழுதும் காலண்டருக்கு இரண்டு வண்ணம் தாராளம். வேலை நாட்கள் கறுப்பில், ஞாயிறும் அரசு விடுமுறையும் கடைப் பெயரும் சிவப்பில். பெயரைச் சிவப்புப் பட்டைமேல் வெள்ளை எழுத்தாக விட வேண்டாம். மேப்லித்தோவில் அவ்வளவு பெரிய சிவப்புப் பரப்பு மழைக் காலத்தில் சீக்கிரம் காயாது. அடுக்கில் மேலே இருக்கும் தாளின் முதுகில் மை ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்தே போதுமான எடுப்பு.

அச்சேறும் முன் சரிபார்க்கத் தரும் புரூஃப் வந்ததும் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது கிழமை. போன வருடக் கோப்பைத் திறந்து எண்களை மட்டும் நகர்த்துவது பல இடங்களில் நடக்கிறது. 2026 ஜனவரி 1 வியாழன், 2027இல் அது வெள்ளி. எண்கள் நகர்ந்து நட்சத்திரமும் திதியும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். ஒவ்வொரு மாதத்திலும் அமாவாசை, பௌர்ணமி இரண்டை மட்டும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டாலே இது பிடிபடும். எடுத்தது வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டிலும் திதி முடியும் நேரம் மணிக்கணக்கில் வேறுபடும். ஒரு மாதம் இதிலிருந்தும் ஒரு மாதம் அதிலிருந்தும் எடுத்தால் விரத நாள் தப்பும். தமிழ் வருடப் பெயரும் கவனம். 2027இல் சித்திரை பிறக்கும்வரை பராபவ, அதன் பிறகு பிலவங்க.

இரண்டாவது தமிழ் எழுத்து. கைப்பேசியில் யூனிகோடில் தட்டி அனுப்பியதை, அச்சகத்தில் வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்புகள் இடம் மாறும். ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘ஸ்ரீ’ உடைந்து இரண்டாகும். திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாமல், எழுத்துரு இனி மாறாதபடி எழுத்தை வளைகோடாக மாற்றிய கடைசிக் கோப்பிலிருந்து எடுத்த தாளைக் கையில் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மூன்றாவது தொலைபேசி எண். புரூஃபைப் பார்த்து அந்த எண்ணை ஒருமுறை அழைத்துவிடுங்கள்.

விடுமுறைப் பட்டியல்தான் கால அட்டவணையைத் தீர்மானிக்கிறது. தமிழக அரசின் அடுத்த ஆண்டுப் பட்டியல் அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும். அதற்கு முன்பே அச்சேற்றினால் சிவப்பு நாட்கள் ஊகம்தான். கட்டங்களை முன்பே தயார்செய்து வைத்து, பட்டியல் வந்ததும் பிளேட்டுகளை எடுப்பது பாதுகாப்பு. ரம்ஜான், பக்ரீத், மீலாது நபி ஆகியவை பிறை தெரிவதைப் பொறுத்தவை. 2024இல் செப்டம்பர் 16 என்று அறிவித்திருந்த மீலாது நபி விடுமுறை தமிழ்நாட்டில் 17க்கு மாறியது. பிறையைப் பொறுத்து மாறலாம் என்று ஒரு சிறு வரி சேர்த்துவிடுங்கள். வங்கிகளுக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளுக்கும் சின்னக் குறி போட்டால் வீட்டுக்கு உதவும்.

டிசம்பர் பதினைந்துக்குள் காலண்டர் கடையில் இருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு கொடுப்பதற்கு ஆணி காலியாக இருக்காது. சுருட்டும்போது அடியிலிருந்து தகரத்தை நோக்கி, அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டச் சொல்லுங்கள். பிரித்து மாட்டும்போது அடி ஓரம் முன்னே எழும்பாமல் சுவரோடு படியும். திருவான்மியூர், ராயபுரம் மாதிரிக் கடலோரத்து வீடுகளில் தகரப் பட்டை துருப்பிடித்துச் சுவரில் கறை விடும் என்பதால், வண்ணம் பூசிய பட்டையா என்று பார்த்து வாங்குங்கள். டிசம்பர் தாளின் அடியில் 2028 ஜனவரியைச் சின்னதாக அச்சிட்டால், அடுத்த காலண்டர் வரும்வரை இது இறங்காது.

மார்ச் வாக்கில், சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். கண்ணில் படுகிற வீடுகளில் நம் காலண்டர் தொங்குகிறதா என்று மட்டுமல்ல, கட்டங்களில் பேனா எழுத்து இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். எழுத்து இல்லையென்றால் கட்டத்தில் இடம் போதவில்லையா, பேனா ஓடவில்லையா என்று அந்த வீட்டு அம்மாவிடமே கேட்டுவிடலாம். அடுத்த வருடப் புரூஃபில் மாற்ற வேண்டியது அந்தப் பதிலில் இருக்கும்.